வோஸ்வியூவர் வட்டங்களுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

ஆய்வேடுகளிலும் மீள்பார்வைக் கட்டுரைகளிலும் இப்போது ஒரு படம் அடிக்கடி கண்ணில் படுகிறது. பல நிறங்களில் சின்னதும் பெரியதுமாக வட்டங்கள், அவற்றுக்கு நடுவே வலைபோலக் கோடுகள், கீழே “வோஸ்வியூவர் மூலம் உருவாக்கப்பட்டது” என்று ஒரு வரி. படத்துக்கு அடுத்த பத்தியில் பெரும்பாலும் இப்படி எழுதியிருப்பார்கள்: “பெரிய வட்டம் இத்துறையின் மிகச் சிறந்த ஆய்வு. கோடு இருந்தால் ஓர் ஆய்வு மற்றதை மேற்கோள் காட்டியிருக்கிறது. ஒவ்வொரு நிறமும் ஒரு கருத்துப் பள்ளி.”

படம் இணைமேற்கோள் என்ற வகையைச் சேர்ந்ததானால் இந்த மூன்று வாக்கியங்களில் முதல் இரண்டும் தவறு. இணைமேற்கோள் என்றால் என்ன என்று கீழே பார்ப்போம். மூன்றாவது சில நேரம் சரியாக இருக்கலாம், ஆனால் படத்தை மட்டும் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது. வோஸ்வியூவர் என்பது ஆய்வுகளுக்கு இடையிலான தொடர்புகளைப் படமாக வரையும் மென்பொருள். அதை இயக்குவது எளிது, பத்து நிமிடத்தில் படம் வந்துவிடும். அந்தப் படம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று தெரியாமல் படிப்பதால்தான் இந்தக் குழப்பமெல்லாம் வருகிறது. கணக்கு கடினமானதும் அல்ல, கூட்டலும் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். கைப்பேசி வங்கிச் சேவையை மக்கள் ஏன் ஏற்கிறார்கள், ஏன் ஏற்பதில்லை என்று ஆராயும் துறையை எடுத்துக்கொண்டு அதைப் போட்டுப் பார்ப்போம்.

## ஒரு மளிகைக் கடையின் பில்கள்

ஒரு மளிகைக் கடையில் ஒரு மாதத்துப் பில்கள் முழுவதும் உங்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர்கள் யார், அவர்கள் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று எதுவும் தெரியாது. பில்களை மட்டும் புரட்டினால் இட்லி அரிசியும் உளுந்தும் திரும்பத் திரும்ப ஒரே பில்லில் வருவது தெரியும். சேமியாவும் முந்திரியும் ஏலக்காயும் இன்னொரு கூட்டமாக வரும். சமையலறைக்குள் போகாமலே, இது இட்லி, அது பாயசம் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இட்லி அரிசி உளுந்தைத் தேடிப் போகவில்லை. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தவர் வாங்கியவர். தொடர்பு பொருளிடம் இல்லை, பில்லில் இருக்கிறது.

ஆய்வுக் கட்டுரையின் முடிவில் வரும் மேற்கோள் பட்டியல்தான் அந்தப் பில். பட்டியலில் இருக்கும் பழைய ஆய்வுகள் பொருட்கள். இரண்டு பழைய ஆய்வுகளைப் பின்னால் வந்த ஒரு கட்டுரை தன் பட்டியலில் சேர்த்தே குறிப்பிட்டால், அந்த இரண்டுக்கும் இடையே ஓர் ‘இணைமேற்கோள்’ உண்டாகிறது. எத்தனை கட்டுரைகள் அப்படிச் சேர்த்துக் குறிப்பிடுகின்றனவோ அத்தனை இணைமேற்கோள். 1973இல் அமெரிக்காவில் ஹென்றி ஸ்மாலும் சோவியத் ரஷ்யாவில் இரினா மார்ஷகோவாவும் ஒருவரை ஒருவர் சாராமல் இந்த முறையை முன்வைத்தார்கள்.

ஆகவே இணைமேற்கோள் படத்தில் இரண்டு வட்டங்களுக்கு நடுவே கோடு இருந்தால், ஒன்று மற்றதை மேற்கோள் காட்டியது என்று பொருள் இல்லை. ஒன்றை எழுதியவர் மற்றதைப் படிக்காமலே இருந்திருக்கலாம். மூன்றாவது ஆள் ஒருவர் இரண்டையும் தன் பட்டியலில் வைத்தார், அவ்வளவுதான்.

இதுவரை பார்த்ததில் இருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. இணைமேற்கோள் வரைபடத்தில் தெரிவது பழைய ஆய்வுகள், ஆனால் அவற்றைப் பார்ப்பது புதிய கட்டுரைகளின் கண். உங்கள் கையில் எந்தக் கடையின் பில்கள் இருக்கின்றனவோ அந்தக் கடையின் கதைதான் தெரியும்.

## ஆறு கட்டுரைகளை வைத்து ஒரு கைக்கணக்கு

கைப்பேசி வங்கித் துறையின் பட்டியல்களில் அடிக்கடி வரும் ஐந்து உண்மையான ஆய்வுகளை எடுத்துக்கொள்வோம்.

ஃபிரெட் டேவிஸ் 1989இல் எழுதியது முதலாவது. ஒரு தொழில்நுட்பம் பயனுள்ளது, பயன்படுத்த எளிது என்று மக்கள் நினைப்பதே அதை ஏற்பதற்குக் காரணம் என்று அது சொன்னது. வெங்கடேஷும் மற்றவர்களும் 2003இல் எழுதியது இரண்டாவது. இப்படிப்பட்ட எட்டுக் கோட்பாடுகளை ஒன்றாக இணைத்த ஆய்வு அது. மேயரும் மற்றவர்களும் 1995இல் எழுதியது நம்பிக்கை என்றால் என்ன என்பதைப் பற்றியது. கெஃபனும் மற்றவர்களும் 2003இல் எழுதியது இணையக் கடைகள்மீது வாங்குபவர்கள் வைக்கும் நம்பிக்கையைப் பற்றியது. ஐந்தாவது, ஃபோர்னெல், லார்க்கர் இருவரும் 1981இல் எழுதியது. அதற்கும் வங்கிக்கும் சம்பந்தமே இல்லை. கேள்வித்தாள் கொண்டு அளக்கும்போது அளவீடு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் புள்ளியியல் முறை அது.

இனி கற்பனையாக ஆறு கட்டுரைகள். முதல் இரண்டும் டேவிஸ், வெங்கடேஷ், ஃபோர்னெல் மூன்றையும் குறிப்பிடுகின்றன. மூன்றாவது டேவிஸையும் வெங்கடேஷையும் மட்டும் குறிப்பிடுகிறது. நான்காவதும் ஐந்தாவதும் கெஃபன், மேயர், ஃபோர்னெல் மூன்றையும் சொல்கின்றன. ஆறாவது டேவிஸ், கெஃபன், ஃபோர்னெல் என்று கலந்து வைத்திருக்கிறது.

எண்ணிப் பாருங்கள். டேவிஸும் வெங்கடேஷும் மூன்று முறை சேர்ந்து வருகிறார்கள். டேவிஸும் ஃபோர்னெலும் மூன்று முறை. கெஃபனும் ஃபோர்னெலும் மூன்று முறை. கெஃபனும் மேயரும் இரண்டே முறை. வெங்கடேஷ் – ஃபோர்னெல், மேயர் – ஃபோர்னெல் இரண்டும் இரண்டிரண்டு முறை. டேவிஸும் கெஃபனும் ஒரு முறை.

வெறும் எண்ணிக்கையை நம்பினால், டேவிஸுக்கு வெங்கடேஷ் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நெருக்கம் ஃபோர்னெலும் என்றாகிவிடும். கெஃபனுக்கு மேயரைவிட ஃபோர்னெல் நெருக்கம் என்றும் ஆகிவிடும். துறை தெரிந்த யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இங்கே நடப்பது மளிகைக் கடை உப்பின் கதை. உப்பு கிட்டத்தட்ட எல்லாப் பில்லிலும் இருக்கிறது. அதனால் எதனோடு சேர்த்து எண்ணினாலும் பெரிய எண்ணாக வரும். உப்பும் ஏலக்காயும் சேர்ந்து வந்தால் அதில் செய்தி ஒன்றும் இல்லை.

வோஸ்வியூவர் இதைச் சரிசெய்யும் விதம் எளிமையானது. முதலில் ஒவ்வோர் ஆய்வும் மற்ற எல்லாவற்றோடும் சேர்ந்து வந்த எண்ணிக்கையைக் கூட்டுகிறது. இதன் பெயர் ‘மொத்த இணைப்பு வலிமை’. நம் கணக்கில் டேவிஸுக்கு 7, வெங்கடேஷுக்கு 5, கெஃபனுக்கு 6, மேயருக்கு 4, ஃபோர்னெலுக்கு 10. பிறகு ஒரு ஜோடி சேர்ந்து வந்த எண்ணிக்கையை அந்த இருவரின் மொத்தங்களின் பெருக்கலால் வகுக்கிறது. கிடைப்பது ‘தொடர்பு வலிமை’.

```
டேவிஸ் – வெங்கடேஷ்     3 / (7 × 5)  = 0.086
கெஃபன் – மேயர்         2 / (6 × 4)  = 0.083
கெஃபன் – ஃபோர்னெல்     3 / (6 × 10) = 0.050
மேயர் – ஃபோர்னெல்      2 / (4 × 10) = 0.050
டேவிஸ் – ஃபோர்னெல்     3 / (7 × 10) = 0.043
வெங்கடேஷ் – ஃபோர்னெல்  2 / (5 × 10) = 0.040
டேவிஸ் – கெஃபன்        1 / (7 × 6)  = 0.024
```

இப்போது பாருங்கள், எவ்வளவு மாறிவிட்டது! டேவிஸ் – வெங்கடேஷ் ஜோடியும் டேவிஸ் – ஃபோர்னெல் ஜோடியும் ஒரே மூன்றில்தான் தொடங்கின. வகுத்த பிறகு ஒன்று மற்றதில் பாதி. இரண்டே முறை சேர்ந்து வந்த கெஃபனும் மேயரும் ஃபோர்னெல் இருக்கும் எல்லா ஜோடிகளையும் தாண்டி மேலே போய்விட்டார்கள். தொழில்நுட்ப ஏற்பு ஒரு பக்கம், நம்பிக்கை இன்னொரு பக்கம் என்று இரண்டு கூட்டம் பிரிந்து தெரிகிறது. மென்பொருள் உள்ளே ஒரு மாறிலியையும் பெருக்கிக்கொள்ளும். அது எல்லா ஜோடிக்கும் ஒன்றே என்பதால் வரிசை மாறாது.

சுருக்கமாக: முதலில் எண்ணிக்கை, பிறகு அந்த எண்ணிக்கையை அவரவர் பரபரப்புக்கு ஏற்பச் சமன்செய்வது. படத்தில் வட்டங்கள் எங்கே உட்காருகின்றன என்பதை முடிவுசெய்வது சமன்செய்த எண்.

## எண்களில் இருந்து படம்

வோஸ்வியூவரை உருவாக்கியவர்கள் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நேஸ் யான் வான் எக், லூடோ வால்ட்மன் இருவரும். அதை விவரித்து அவர்கள் எழுதிய கட்டுரை 2010இல் வந்தது. மென்பொருள் இலவசம்.

தொடர்பு வலிமை அதிகமாக உள்ள ஜோடிகளுக்கு இடையே தூரம் முடிந்தவரை குறைவாக இருக்கும்படி அது வட்டங்களைத் தாளில் இடம்மாற்றிக்கொண்டே போகும். அதை மட்டும் செய்தால் எல்லாம் ஒரே புள்ளியில் வந்து குவிந்துவிடும். அதனால் எல்லா ஜோடிகளின் சராசரித் தூரமும் மாறாமல் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் அமைப்புதான் நாம் பார்க்கும் படம்.

இதிலிருந்து சில விஷயங்கள் தாமாகவே வருகின்றன. படத்துக்கு இடம், வலம், மேல், கீழ் என்று எந்தப் பொருளும் இல்லை. சுழற்றினாலும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பினாலும் அது அதே படம்தான். “வலது மேல் மூலையில் இருப்பதால் இது வளர்ந்துவரும் துறை” என்று எழுதினால் அதற்கு அடிப்படையே இல்லை. தூரத்துக்குத்தான் பொருள் உண்டு. அதையும் முழுதாக நம்ப முடியாது, ஏனென்றால் நூறு ஆய்வுகளின் உறவுகளை இரண்டே பரிமாணத்தில் அடக்கும்போது சில வட்டங்கள் வேறு இடமில்லாமல் பக்கத்தில் வந்து நிற்கும். சந்தேகம் வந்தால் ஒரு வட்டத்தின்மேல் சுட்டியை வையுங்கள். அதன் கோடுகள் மட்டும் தூக்கலாகத் தெரியும். பக்கத்தில் இருந்தும் கோடு இல்லையென்றால் அந்த நெருக்கத்துக்கு வேறு காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்களில் மிக முக்கியமான ஒன்றைக் கீழே பார்ப்போம்.

நிறம் வேறு ஒரு கணக்கு. ஒன்றோடொன்று வலுவாகப் பிணைந்த வட்டங்களை மென்பொருள் ஒரு குழுவாகச் சேர்க்கிறது. இதை ‘கொத்து’ என்போம். ஒரு வட்டம் ஒரே கொத்தில்தான் இருக்க முடியும் என்பது விதி. எத்தனை கொத்து வரும் என்பது துறையின் இயற்கை மட்டும் அல்ல, `Resolution` என்ற ஓர் எண்ணையும் பொறுத்தது. அது தொடக்கத்தில் 1.00 என்று இருக்கும். கூட்டினால் சின்னச் சின்னதாக நிறையக் கொத்துகள், குறைத்தால் பெரிதாகச் சில கொத்துகள்.

ஃபோர்னெலை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கைக்கணக்கில் அவர் இரு பக்கத்துக்கும் நடுவில் நிற்பவர். ஆனாலும் ஏதாவது ஒரு நிறத்தை வாங்கியே ஆக வேண்டும். கொஞ்சம் அதிக எண் இருப்பதால் நம்பிக்கைக் கூட்டத்தின் நிறம் கிடைக்கலாம். உடனே “நம்பிக்கையும் அளவீடும் என்ற கருத்துப் பள்ளி” என்று ஒரு தலைப்பைச் சூட்டிவிடுவது இந்த வகைக் கட்டுரைகளில் நான் அதிகம் காணும் பிழை. `Resolution` எண்ணை 0.8, 1.2 என்று மாற்றிப் பாருங்கள். எப்படி மாற்றினாலும் சேர்ந்தே இருப்பவை உண்மையான கூட்டம். ஒவ்வொரு முறையும் நிறம் மாறுகிற வட்டத்தை வைத்துக் கொத்துக்குப் பெயரிடாதீர்கள்.

## உண்மைத் தரவைக் கொண்டு

ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் நம் துறைக்கான தேடல் இப்படி இருக்கலாம்:

```
TITLE-ABS-KEY ( "mobile banking" AND ( adoption OR acceptance ) )
```

வந்த முடிவுகளை சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ள வேண்டும். அப்போது மேற்கோள் பட்டியலும் சேர்ந்து வரும்படி தேர்ந்தெடுக்க மறந்தால் கையில் பில் இல்லாத கதைதான். தலைப்பும் ஆசிரியர் பெயரும் இருக்கும், இணைமேற்கோள் எடுக்க எதுவும் இருக்காது. வெப் ஆஃப் சயின்ஸ் பயன்படுத்துவோர் `Full Record and Cited References` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அப்புறம் வோஸ்வியூவரில் `Create` அழுத்தி, `Create a map based on bibliographic data` வழியாகக் கோப்பைக் கொடுத்து, வகையில் `Co-citation`, அலகில் `Cited references` என்று தேர்ந்தெடுக்கலாம். அங்கேயே `Full counting`, `Fractional counting` என்று இரண்டு வழி கேட்கும். பெரும்பாலோர் முதலாவதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இந்தத் தேர்வு உண்மையில் எதை மாற்றுகிறது என்று பார்த்துவிடுவோம்.

20 மேற்கோள்கள் உள்ள ஒரு கட்டுரையில் 190 ஜோடிகள் உண்டாகும். 200 மேற்கோள்கள் உள்ள ஒரு மீள்பார்வைக் கட்டுரையில் 19,900 ஜோடிகள். பட்டியல் பத்து மடங்குதான் நீளம், ஆனால் ஜோடிகள் நூறு மடங்குக்கும் மேல். முழு எண்ணிக்கையில் ஒவ்வொரு ஜோடிக்கும் சம மதிப்பு என்பதால், நாலைந்து மீள்பார்வைக் கட்டுரைகள் சேர்ந்து படத்தின் வடிவத்தையே தீர்மானித்துவிடலாம். பின்ன எண்ணிக்கையில் பட்டியல் நீளமானால் ஒவ்வொரு ஜோடிக்கும் கிடைக்கும் மதிப்பு குறையும். இறக்கிய தரவில் மீள்பார்வைகள் நிறைய இருந்தால் இரண்டு வழியிலும் படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதே என் பழக்கம். கொத்துகள் பெரிதாக மாறவில்லை என்றால் நிம்மதி.

அடுத்து ஒரு குறைந்தபட்ச எண்ணைக் கேட்கும்: ஓர் ஆய்வு எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் படத்தில் சேர்க்கலாம்? தொடக்கத்தில் 20 என்று இருக்கும். அதில் புனிதம் ஒன்றும் இல்லை. எண்ணை மாற்ற மாற்ற எத்தனை ஆய்வுகள் தேறுகின்றன என்று அங்கேயே காட்டும். முதல் படத்துக்கு ஐம்பதில் இருந்து நூறு வட்டங்கள் வருகிற மாதிரி வைத்தால் கண்ணால் படிக்க முடியும்.

இங்கே எண்ணப்படும் மேற்கோள்கள் உலகம் முழுவதிலும் கிடைத்தவை அல்ல, நீங்கள் இறக்கிய கட்டுரைகளுக்குள் கிடைத்தவை மட்டும். வட்டத்தின் அளவும் அதைத்தான் சொல்கிறது. வேறு ஒரு துறையில் பல்லாயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வு இங்கே சின்ன வட்டமாக இருக்கலாம். பெரிய வட்டம் என்றால் இந்தக் கட்டுரைகளை எழுதியவர்கள் அதிகம் குறிப்பிட்டது என்றுதான் பொருள். சிறந்ததா என்று அந்த எண் சொல்லாது. ஃபோர்னெல் வட்டம் பெரிதாக இருப்பதற்குக் காரணம், கேள்வித்தாள் வைத்து ஆய்வு செய்பவர்கள் எல்லோரும் அதை ஒரு முறையாவது குறிப்பிட வேண்டியிருப்பது.

## ஒரே ஆய்வு, இரண்டு வட்டங்கள்

இணைமேற்கோள் படத்தில் மிக அதிகம் நடக்கும் கோளாறு, மிகக் குறைவாகக் கவனிக்கப்படும் கோளாறும் இதுதான். மேற்கோளை மென்பொருள் ஓர் எழுத்துத் தொடராகத்தான் பார்க்கிறது. வெப் ஆஃப் சயின்ஸில் டேவிஸின் ஆய்வு இப்படித் தெரியும்:

```
davis fd, 1989, mis quart, v13, p319, doi 10.2307/249008
```

வேறொரு கட்டுரையின் பட்டியலில் பக்க எண் தவறாகவோ, கடைசியில் உள்ள டிஓஐ எண் விடுபட்டோ இருந்தால் அது வேறு தொடர். மென்பொருளுக்கு அது வேறு ஆய்வு. ஸ்கோபஸில் தலைப்பு முழுவதும் தொடரில் வருவதால் ஓர் அரைப்புள்ளி, ஒரு சுருக்கப் பெயர் என்று வேறுபாடுகள் இன்னும் கூடும்.

விளைவு இரண்டு. டேவிஸ் மாதிரி பெரிய ஆய்வு இரண்டு மூன்று வட்டங்களாகப் பிரிந்து ஒவ்வொன்றும் சிறுக்கும். அது கண்ணுக்குத் தெரிகிற கோளாறு. நடுத்தரமான ஓர் ஆய்வு 12, 9, 7 என்று மூன்றாக உடைந்தால், சேர்த்து 28 இருந்தும் 20 என்ற எல்லையை எதுவும் தாண்டாது. அது படத்தில் இருந்தே காணாமல் போய்விடும். காணாமல் போனதைப் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே கிடையாது.

பிரிந்த வட்டங்களைக் கண்டுபிடிக்க ஓர் அழகான அடையாளம் இருக்கிறது. யாரும் ஒரே பட்டியலில் ஒரே ஆய்வை இரண்டு முறை எழுத மாட்டார்கள். ஆகவே இரண்டு வடிவங்களுக்கும் இடையே இணைமேற்கோள் ஏறத்தாழ பூஜ்யம். ஆனால் இரண்டும் ஒரே மாதிரியான பட்டியல்களில் வருவதால் வெங்கடேஷும் மற்றவர்களும் இரண்டையும் ஒரே பக்கம் இழுப்பார்கள். பக்கத்துப் பக்கத்தில், ஒரே நிறத்தில், ஆனால் நடுவில் கோடு இல்லாமல் இரண்டு வட்டங்கள் தெரிந்தால் பெயர்களை உற்றுப் பாருங்கள். அது பெரும்பாலும் ஒரே ஆய்வாக இருக்கும்.

இதைச் சரிசெய்ய வோஸ்வியூவர் ஒரு ‘சொல்மாற்றுக் கோப்பை’ ஏற்கிறது. சாதாரண உரைக் கோப்பு, இரண்டு நெடுவரிசை, நடுவில் டேப். இடப்பக்கம் தவறான வடிவம், வலப்பக்கம் சரியான வடிவம். முதலில் எல்லையை 3 அல்லது 4 என்று மிகக் குறைவாக வைத்து வரும் பட்டியலை, வலது சுட்டியை அழுத்தி வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஆசிரியர் பெயர் வாரியாக வரிசைப்படுத்தி, ஒன்றுபோல் இருப்பவற்றைக் கண்ணால் பார்த்துச் சேர்க்க வேண்டும். ஒரு மாலை முழுவதும் போகும் வேலைதான். ஆனால் இதைச் செய்யாத இணைமேற்கோள் படத்தை நான் நம்புவதில்லை.

## குறிச்சொல் வலை வேறு கேள்விக்கான பதில்

கட்டுரையின் தொடக்கத்தில் ஆசிரியர்கள் தரும் நாலைந்து சொற்கள் ‘குறிச்சொற்கள்’. இரண்டு குறிச்சொற்கள் ஒரே கட்டுரையில் வந்தால் ஒரு கோடு. கணக்கு முழுவதும் மேலே போட்டதேதான். பில் மாறுகிறது, அவ்வளவுதான்: மேற்கோள் பட்டியலுக்குப் பதில் குறிச்சொல் பட்டியல்.

ஆனால் இந்தப் படம் வேறொன்றைக் காட்டுகிறது. இணைமேற்கோள் படத்தில் இருப்பவை துறை எதன்மேல் நிற்கிறது என்பதைக் காட்டும் பழைய ஆய்வுகள். போன வருடம் வந்த ஒரு கட்டுரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதில் வராது, ஏனென்றால் அதைக் குறிப்பிடப் பிறருக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை. குறிச்சொல் வலையில் போன மாதக் கட்டுரையும் உடனே இடம்பிடிக்கும். துறையில் இப்போது எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது அதில் தெரியும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்திப் பார்க்க முயல வேண்டாம். இரண்டிலும் நான்கு கொத்து வந்தது என்பதால் நான்கும் ஒன்றுக்கொன்று சமம் ஆகிவிடாது.

வோஸ்வியூவரில் வகையை `Co-occurrence` என்று மாற்றினால், `Author keywords`, `Index keywords`, இரண்டும் சேர்ந்த `All keywords` என்று கேட்கும். இரண்டாவது தரவுத்தளம் சேர்ப்பவை. மருத்துவம் சார்ந்த இதழ்கள் தரவில் இருந்தால் அதன் வழியாக `human`, `article`, `female` என்றெல்லாம் பெரிய பெரிய வட்டங்கள் வந்து உட்காரும். எழுதியவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது உங்கள் கேள்வியானால் முதலாவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இங்கேயும் சொற்களைச் சேர்க்கும் வேலை உண்டு, மேற்கோளைவிட எளிது:

```
label	replace by
m-banking	mobile banking
tam	technology acceptance model
sem	structural equation modeling
article	
```

கடைசி வரியைப் போல வலப்பக்கம் காலியாக விட்டால் அந்தச் சொல் படத்தில் இருந்து நீங்கிவிடும். `sem` என்று தொடங்கும் வரியை வேறு துறைக்கு அப்படியே நகலெடுக்காதீர்கள். பொருளறிவியலில் அதே மூன்று எழுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியைக் குறிக்கும். சுருக்கெழுத்துகளைச் சேர்க்கும் முன் அவை வரும் சில கட்டுரைகளையாவது திறந்து பார்க்க வேண்டும்.

குறிச்சொல் வலையிலும் ஓர் உப்பு இருக்கிறது: நீங்கள் தேடிய சொல். `mobile banking` என்று தேடினால் இறக்கிய கட்டுரைகளில் பெரும்பாலானவற்றில் அதுவே குறிச்சொல்லாக இருக்கும். நட்டநடுவில் மிகப் பெரிய வட்டம், எல்லாவற்றோடும் கோடு. “கைப்பேசி வங்கிதான் இத்துறையின் மையக் கருத்து” என்று இதைக் கண்டுபிடிப்பாக எழுதிவிடுகிறார்கள். அது நீங்கள் போட்ட தேடலின் எதிரொலி. படம் உருவாகும் முன் வரும் கடைசிப் பட்டியலில் அந்தச் சொல்லின் பக்கத்தில் உள்ள குறியை எடுத்துவிட்டு மறுபடி வரைந்தால் `trust`, `perceived risk` போன்றவற்றுக்கு இடையிலான உறவு தெளிவாகத் தெரியும்.

ஆண்டு வாரியாக நிறம் காட்டும் `Overlay Visualization` என்ற காட்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மஞ்சளாக இருப்பவை புதிய தலைப்புகள் என்று படிப்பது வழக்கம். அங்கே தெரிவது அந்தக் குறிச்சொல் வந்த கட்டுரைகளின் சராசரி வெளியீட்டு ஆண்டு. சராசரி 2016 என்றால் எல்லாம் 2016ஐ ஒட்டி வந்திருக்கலாம், 2010இல் பாதியும் 2022இல் பாதியும் வந்திருக்கலாம். முதலாவது ஓய்ந்துபோன தலைப்பு, இரண்டாவது மறுபடி உயிர்பெற்ற தலைப்பு. படத்தில் இரண்டுக்கும் ஒரே நிறம். கோப்பில் ஆண்டு வாரியாக எண்ணிப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

## கொத்துக்குப் பெயர் வைக்கும் முன்

வட்டங்களின் பெயர்களை மட்டும் பார்த்துக் கொத்துக்குத் தலைப்பு வைப்பதுதான் கடைசியாக நடக்கும் அவசரம். டேவிஸையும் வெங்கடேஷையும் ஒன்றாகப் பார்த்ததும் “தொழில்நுட்ப ஏற்பு” என்று எழுதிவிடத் தோன்றும். சரியாகவும் இருக்கலாம். ஆனால் அவர்களைச் சேர்த்தவர்கள் பில் போட்டவர்கள் அல்லவா? அவர்களிடம்தான் கேட்க வேண்டும். இறக்கிய சிஎஸ்வி கோப்பில் இரண்டு பெயரும் சேர்ந்து வரும் கட்டுரைகளை வடிகட்டி, அவற்றில் ஐந்தாறையாவது திறந்து, அந்த மேற்கோள் வரும் வாக்கியத்தைப் படியுங்கள். சிலர் டேவிஸின் கோட்பாட்டை அப்படியே பயன்படுத்தியிருப்பார்கள். சிலர் “இது போதாது” என்று சொல்லவே குறிப்பிட்டிருப்பார்கள். சிலர் முன்னுரையில் பத்துப் பெயர்களை ஒரே அடைப்புக்குறிக்குள் அடுக்கியிருப்பார்கள். மூன்றுக்கும் மென்பொருள் ஒரே மதிப்புதான் கொடுத்தது. கொத்தின் பெயர் இந்த வாக்கியங்களில் இருந்து வர வேண்டும்.

ஃபோர்னெலைப் போன்ற முறையியல் ஆய்வுகளை என்ன செய்வது என்ற முடிவும் இந்தக் கட்டத்தில்தான் எடுக்க வேண்டும். அவற்றை வைத்து ஒரு படம், நீக்கி ஒரு படம் என்று இரண்டையும் எடுப்பது நல்லது. நீக்கினால் இரு கூட்டங்களும் விலகிப் போனால், அவற்றை இணைத்தது பொதுவான கருத்து இல்லை, பொதுவான கேள்வித்தாள் முறை மட்டுமே என்று சொல்லலாம். அதுவே அந்தத் துறையைப் பற்றிய ஒரு நல்ல செய்தி, வெளிப்படையாக எழுத வேண்டியது.

எழுதும்போது படத்துக்குக் கீழே எந்தத் தரவுத்தளம், எந்த நாளில் இறக்கியது, தேடல் வரி, எந்த எண்ணிக்கை முறை, எல்லை எண், `Resolution` எண், எவற்றைச் சேர்த்தீர்கள், எவற்றை நீக்கினீர்கள் என்பதையெல்லாம் சொல்லிவிடுங்கள். சொல்மாற்றுக் கோப்பைப் பின்னிணைப்பாகவே கொடுத்துவிடலாம். அது இல்லாமல் வேறொருவர் அதே தேடலைப் போட்டாலும் உங்கள் படம் அவருக்குக் கிடைக்காது.